எல்லவில் ஒரு சாப்பாட்டுக் கடை: கடன் திட்டத்துக்குப் புள்ளியிடும் முறை

பதுளை மாவட்டத்துத் தோட்டப் பகுதியிலிருந்து வங்கிக்குப் போகும் தொழில் கடன் விண்ணப்பம் பெரும்பாலும் பிணை என்ற இடத்தில்தான் நின்றுவிடுகிறது. 1992 இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் போனபோதும் காணியின் உரிமை அரசிடமே இருந்தது. மூன்று நான்கு தலைமுறையாக ஒரு குடும்பம் வாழும் லயத்து அறைக்குப் பெரும்பாலும் உறுதிப் பத்திரம் கிடையாது. ஈடு வைக்க எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக நிரந்தரச் சம்பளக்காரர் இருவரைப் பிணையாளராகக் கொண்டுவரச் சொல்வார்கள். உறவில் ஒரு ஆசிரியரோ அரச உத்தியோகத்தரோ இல்லாத குடும்பத்துக்கு அதுவும் எட்டாது.

இப்படிப்பட்டவருக்குக் கடன் கொடுப்பதென்றால் அவரது தொழில் திட்டத்தையே பிணையாக மதிக்க வேண்டும். அதற்கான புள்ளித்தாளில் வழக்கமாக நான்கு தலைப்புகள் இருக்கும்: பணப் பாய்ச்சல், சந்தைக் கணிப்பின் நம்பகத்தன்மை, திருப்பிச் செலுத்தும் திறன், உரிமையாளரின் அனுபவம். ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி என்று வைத்து, கூட்டி, 65க்கு மேல் வந்தால் கடன், கீழே வந்தால் இல்லை என்று முடிப்பார்கள். தாள் தவறானதல்ல, கூட்டும் முறைதான் தவறு. நான்கும் தனித்தனியானவை அல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறது. சந்தைக் கணிப்புப் பிழைத்தால் பணப் பாய்ச்சலும் பிழைக்கும், அதோடு திருப்பிச் செலுத்தும் திறனும் பிழைக்கும். சுற்றுலாவை நம்பிய எல்ல போன்ற ஊரில் இந்தச் சங்கிலி எப்படி அறுகிறது என்பதை ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும்.

விண்ணப்பம்

கீழே வரும் விண்ணப்பம் எந்த வங்கியின் கோப்பிலிருந்தும் எடுத்ததல்ல. விளக்கத்துக்காகக் கட்டிய எடுத்துக்காட்டு. தொகைகளும் அதற்காக எடுத்துக்கொண்டவை.

தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்த, முப்பது வயதைத் தாண்டிய ஒருவர். எல்லவில் விருந்தினர் விடுதிகளின் சமையலறைகளில் எட்டு ஆண்டுகள் வேலை செய்தவர். எல்ல நகரில் ஆறு மேசை, 24 இருக்கை கொண்ட சாப்பாட்டுக் கடை திறக்க விரும்புகிறார். காலையில் ரொட்டி, முட்டை, பழம், மதியம் சோறு கறி, இரவில் கொத்து. கேட்பது 15 இலட்சம் ரூபா. அதில் 6 இலட்சம் கடைக்கான முற்பணம், 5 இலட்சம் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி முதலிய சாமான், இரண்டரை இலட்சம் மேசை கதிரை, பெயர்ப் பலகை, ஒன்றரை இலட்சம் முதல் சரக்கு. தவணை 36 மாதம், வட்டி 15 வீதம். மாதக் கட்டணம் ஏறத்தாழ 52,000 ரூபா.

திட்டம் சொல்லும் விற்பனை: நாளுக்கு 50 பேர், ஆளுக்கு 1,000 ரூபா, மாதம் 15 இலட்சம். சாமான், எரிவாயு, வீண்போவது எல்லாம் சேர்த்து விற்பனையில் பாதி என்று போட்டிருக்கிறார். சாப்பாட்டுக் கடைக்கு அது பொருந்தும் கணக்குத்தான். வாடகை 1,20,000, இரண்டு வேலையாட்கள் 1,10,000, மின்சாரமும் தண்ணீரும் 30,000, அனுமதிப்பத்திரம், இணையம், பழுதுபார்ப்பு 20,000. வீட்டுச் செலவுக்கு 70,000. விற்பனை கூடினாலும் குறைந்தாலும் மாறாத இந்தச் செலவு மொத்தம் மூன்றரை இலட்சம்.

அப்படியானால் மாதம் 4 இலட்சம் மிஞ்சும். தவணை 52,000. மிச்சத்தைத் தவணையால் வகுத்தால் 7.7. இந்த விகிதம் 1.25க்கு மேல் இருந்தாலே பல கடன் உத்தியோகத்தர்கள் திருப்தி அடைவார்கள். ஆனால் 7.7 என்ற எண் திருப்திக்கு உரியதல்ல, அது எச்சரிக்கை. மாதம் 4 இலட்சம் மிச்சம் பிடிப்பவர் 15 இலட்சத்தை நான்கு மாதத்துக்குள் கட்டிவிடலாம். பின் ஏன் மூன்று ஆண்டுக்குக் கடன் கேட்கிறார்? விண்ணப்பதாரர் ஏமாற்றுகிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. சீசன் நாளில் கண்ட கூட்டத்தை ஆண்டு முழுவதற்கும் விரித்திருக்கிறார், அவ்வளவுதான்.

சந்தை: ஐம்பது பேர் எங்கிருந்து வருவார்கள்?

அதனால் முதலில் புள்ளியிட வேண்டியது சந்தைக்கு. தாளில் அது இரண்டாவதாக அச்சாகியிருந்தாலும் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

24 இருக்கையில் 50 பேரை உட்காரவைப்பது முடியாத காரியமல்ல. இடம் போதும், ஆள் வருமா என்பதே கேள்வி. ஒன்பது வளைவுப் பாலத்தையும் சின்ன சிவனொளிபாத மலையையும் பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வருகிறவர்களுக்கு ஏற்கெனவே சாப்பாடு போடும் கடைகள் தெரு நெடுக இருக்கின்றன. புதுக் கடைக்கு வரும் ஒவ்வொருவரும் இன்னொரு கடையிலிருந்து வர வேண்டும்.

இதை அறிய நல்ல வழி, திட்டமிட்ட இடத்துக்கு அருகில் அதே அளவும் அதே விலையும் கொண்ட ஒரு கடையைத் தேர்ந்து, எதிரே உட்கார்ந்து தலை எண்ணுவதுதான். ஒரு சாதாரண வேலைநாள், ஒரு சனிக்கிழமை, போயா விடுமுறை ஒட்டிய ஒரு நாள் என்று மூன்று நாட்களாவது வேண்டும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் எண்ண வேண்டும். உள்ளே போனவர் தேநீர் மட்டும் குடித்தாரா, சாப்பிட்டாரா என்று பிரித்து எழுத வேண்டும். தேநீர்க்காரரை 1,000 ரூபாக் கணக்கில் சேர்த்தால் ஆளுக்கான சராசரி பொய்யாகிவிடும்.

தலை எண்ணுவது ஒரு பருவத்தையே காட்டும். மற்றப் பருவத்தைக் கொள்முதல் கொப்பி காட்டும். கோழி கொடுப்பவர், முட்டை கொண்டுவருபவர், எரிவாயு மாற்றுபவர் மூவருக்கும் ஒவ்வொரு கடையும் மாதம் எவ்வளவு எடுக்கிறது என்று தெரியும். ஒரு கிலோ கோழியில் ஐந்தாறு பங்கு போடலாம் என்றால், ஒரு கடை நாளுக்கு எத்தனை கிலோ எடுக்கிறது என்பதிலிருந்து எத்தனை பேர் கோழிச் சாப்பாடு சாப்பிட்டார்கள் என்பதற்கு உச்ச வரம்பு கிடைக்கும். சனவரியில் எடுத்ததையும் யூனில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் கடைக்காரர் சொல்லாத செய்தியும் வெளிவரும். விற்பனையைப் பெருக்கிச் சொல்பவர் இருக்கலாம். ஆனால் கோழிக்காரரின் கொப்பியில் கடனுக்கு எழுதிய கிலோவை யாரும் பெருக்கி எழுத மாட்டார்கள்.

பருவ ஏற்றத்தாழ்வுக்கு நாடளாவிய எண்களும் துணை நிற்கும். குண்டுவெடிப்பும் பெருந்தொற்றும் வருவதற்கு முந்தைய கடைசி முழு ஆண்டு 2018. அந்த ஆண்டில் 23 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். மே மாதத்தில் 129,466 பேர். டிசம்பரில் 253,169 பேர். நல்ல ஆண்டிலேயே மே மாதம் டிசம்பரின் பாதி. அந்த ஆண்டில் டிசம்பர் முதல் மார்ச் வரையும் யூலை ஓகஸ்ட்டும் உச்சம். ஏப்ரலும் நவம்பரும் நடுத்தரம். மே, யூன், செப்டெம்பர், ஒக்டோபர் தாழ்வு. ஊவாவில் ஒக்டோபர், நவம்பர் மழை மண்சரிவையும் கொண்டுவரும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் பதுளை மாவட்டத்தைத் தாக்கியபோது வீதிகளும் மலையக ரயில் பாதையும் சேதமடைந்தன. எல்லவுக்கு வருவதையே அனுபவமாக எண்ணி வரும் பயணிக்கு அந்த ரயில் பாதைதான் முக்கியம்.

இந்தத் திருத்தங்களோடு எண்ணிக்கை இப்படி வருகிறது என்று கொள்வோம்: உச்ச மாதம் நாளுக்கு 34 பேர், நடுத்தர மாதம் 26, தாழ்ந்த மாதம் 18. ஆண்டுச் சராசரி 27. திட்டம் சொன்ன 50 இதில் எங்குமே இல்லை. ஆனால் 50 என்ற எண் பொய்யல்ல. விண்ணப்பதாரர் வேலை செய்த சமையலறையிலிருந்து சீசன் நாளில் பார்த்த உண்மை அதுதான். சந்தைக்கு 20க்கு 8 புள்ளி. அடிப்படை சரி, அளவு பிழை.

பணப் பாய்ச்சல்: ஆண்டுக் கணக்கு மறைப்பது

சந்தை திருந்தியதும் பணப் பாய்ச்சலைப் புதிதாகப் போட வேண்டும். பல கோப்புகளில் இது நடப்பதில்லை. சந்தைக்குக் குறைந்த புள்ளி கொடுத்த அதே உத்தியோகத்தர், திட்டத்தில் உள்ள விற்பனையையே வைத்துப் பணப் பாய்ச்சலுக்கு நல்ல புள்ளி கொடுத்துவிடுவார். ஒரே பிழைக்கு ஒரு பக்கத்தில் தண்டனை, மறுபக்கத்தில் பரிசு.

திருந்திய கணக்கு இது. தொகை இலட்சத்தில்.

| மாதம் | விற்பனை | சாமான் செலவு போக | மாறாச் செலவு | தவணைக்கு முன் மிச்சம் |
|---|---|---|---|---|
| உச்சம் (6 மாதம்) | 10.2 | 5.1 | 3.5 | +1.6 |
| நடுத்தரம் (2 மாதம்) | 7.8 | 3.9 | 3.5 | +0.4 |
| தாழ்வு (4 மாதம்) | 5.4 | 2.7 | 3.5 | −0.8 |

ஆண்டு முழுவதும் கூட்டினால் மிச்சம் 7.2 இலட்சம். ஆண்டுத் தவணை 6.24 இலட்சம். வகுத்தால் 1.15. உற்சாகமில்லாத எண்தான், ஆனால் ஒன்றுக்கு மேல். கடை கடனைக் கட்டிவிடும் என்று தோன்றும்.

இப்போது மாதம் மாதமாகப் பார்ப்போம். உச்ச மாதத்தில் தவணை கட்டியபின் 1.08 இலட்சம் கையில் நிற்கும். நடுத்தர மாதத்தில் 12,000 குறையும். தாழ்ந்த மாதத்தில் 1.32 இலட்சம் குறையும். கடை எந்த மாதத்தில் திறக்கிறது என்பதே இனி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மே மாதம் முதலாம் திகதி திறந்தால், யூன் முடிவில் 2.64 இலட்சம் பள்ளம். யூலையும் ஓகஸ்ட்டும் 2.16 இலட்சத்தை மீட்கும். செப்டெம்பர், ஒக்டோபர் மறுபடி 2.64 இலட்சத்தை விழுங்கும். நவம்பர் முடிவில் பள்ளம் 3.24 இலட்சம். டிசம்பரில்தான் கடை மூச்சுவிடத் தொடங்கும். டிசம்பரில் திறந்தால் மார்ச் முடிவில் கையில் 4.32 இலட்சம் இருக்கும். பிறகு வரும் தாழ்ந்த மாதங்கள் அதைத் தின்றாலும், ஆண்டு முடியும்வரை இருப்பு ஒருமுறையும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. இரண்டு வழியிலும் பன்னிரண்டாம் மாத முடிவில் கையிருப்பு ஒன்றுதான்: 96,000 ரூபா. விகிதமும் ஒன்றுதான்: 1.15. ஆனால் முதல் வழியில் போனவர் ஆறாம் மாதத்துக்குள் வட்டிக்காரரிடம் போயிருப்பார். இங்கே விண்ணப்பத்தில் செயற்பாட்டு முதலாக ஒரு சதமும் கேட்கப்படவில்லை. 15 இலட்சமும் முற்பணத்திலும் சாமானிலும் முதல் சரக்கிலும் முடிந்துவிடுகிறது.

புதுக் கடை முதல் நாளிலிருந்தே முழு வாடிக்கையோடு நடக்காது என்பதையும் சேர்த்தால் டிசம்பர்க் கணக்கும் இவ்வளவு சுகமாக இருக்காது. கடன் கையில் கிடைத்தபின் பிரதேச சபை அனுமதி, மின் இணைப்பு, தச்சு வேலை என்று இரண்டு மாதமாவது போகும். ஆகவே டிசம்பரில் திறக்க வேண்டுமானால் செப்டெம்பருக்குள் கடன் கைக்கு வர வேண்டும், தவணை டிசம்பருக்குப் பின் தொடங்க வேண்டும். மார்ச்சில் கடனை விடுவிக்கும் வங்கி, அறியாமலேயே கடையை மே மாதத்துக்குத் தள்ளிவிடுகிறது. பணப் பாய்ச்சலுக்கு 30க்கு 12.

திருப்பிச் செலுத்தும் திறன்: ஒரு வாடிக்கையாளரின் விலை

1.15 என்ற விகிதத்தைப் பார்த்ததும் வருமானம் 13 வீதம் குறைந்தாலும் தாங்கலாம் என்று நினைப்பது இயல்பு. அது பெரிய பிழை. குறைவது மிச்சமல்ல, விற்பனை. விற்பனை குறையும்போது சாமான் செலவு குறையும். வாடகையும் சம்பளமும் குறையாது.

நாளுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர் குறைகிறார் என்று வைப்போம். சாமான் செலவு போக அவரால் கிடைப்பது 500 ரூபா. 360 நாளுக்கு 1.8 இலட்சம். கடையின் ஆண்டு மிச்சமோ, தவணை போக, 96,000 ரூபாதான். ஒரு ஆள் குறைந்தால் கடன் தவறும். வீதமாகச் சொன்னால், விற்பனை 2 வீதம் குறைந்தாலே கணக்குச் சறுக்கத் தொடங்குகிறது. விகிதம் காட்டிய 13 வீதப் பாதுகாப்பு, விற்பனையில் 2 வீதமாகச் சுருங்கிவிட்டது. மாறாச் செலவு பெரிதாக உள்ள எந்தக் கடைக்கும் இதே கதிதான். அதனால் புள்ளித்தாளில் விகிதத்தை எழுதுவதோடு, நாளுக்கு எத்தனை பேர் குறைந்தால் தவணை தவறும் என்ற எண்ணையும் எழுத வேண்டும்.

வட்டியைப் பற்றியும் இங்கே ஒரு சொல். 2022 ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி உயர்த்தி, துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை 14.5 ஆக்கியது. அந்த அதிர்ச்சியைக் கண்டவர்கள் இன்றும் முதலில் கேட்பது வட்டியைத்தான். நமது கடனுக்கு வட்டி 15இலிருந்து 25 வீதமாக ஏறினால் தவணை 52,000இலிருந்து ஏறத்தாழ 59,600 ஆகும். ஆண்டுக்கு 91,000 ரூபா கூடும். விற்பனை 2 வீதம் குறைவதால் வரும் இழப்பைவிட அது சற்றுக் குறைவுதான். மூன்று ஆண்டுச் சிறு கடனில் வட்டியைப் பத்துப் புள்ளி குறைத்துத் தரும் மானியத்தைவிட, நாளுக்கு ஒரு வாடிக்கையாளரைச் சரியாக எண்ணுவது பெறுமதி கூடியது.

பேரிடரை எந்த விகிதமும் தாங்காது. 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பின் அந்த ஆண்டு மே மாதத்தில் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 37,802 பேர்; முந்தைய ஆண்டு மே மாதத்தைவிட ஏறத்தாழ 71 வீதம் குறைவு. மத்திய வங்கி சுற்றுலாத் துறைக் கடன்களுக்குத் தவணை ஒத்திவைப்புக் கொடுத்தது. ஒத்திவைத்த தவணை கழிந்துபோவதில்லை. பின்னால் வந்து சேரும். ஆகவே பேரிடருக்கு வேறு கேள்வி கேட்க வேண்டும்: கடையை மூடினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இந்தத் திட்டத்தில் மிகப் பெரிய தொகை 6 இலட்ச முற்பணம். அதைத் திருப்பித் தரும் நிபந்தனை எழுத்தில் உண்டா? வாடகை ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு? கடன் மூன்று ஆண்டு, ஒப்பந்தம் ஓராண்டு என்றால், கடை நன்றாக ஓடும்போதே உரிமையாளர் வாடகையைக் கூட்டுவார் அல்லது கடையைத் தானே எடுத்துக்கொள்வார். இதைப் பார்க்காமல் கொடுத்த கடன், சுற்றுலா அமோகமாக நடக்கும் ஆண்டிலும் நொடிக்கும்.

கடைசியாக, ஏற்கெனவே உள்ள கடன். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை, ‘கிரிப்’ என்று எல்லோரும் சொல்வதை, வங்கி எடுத்துப் பார்க்கும். வங்கிக் கடனும் லீசிங்கும் அதில் தெரியும். எடுத்து முடித்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு, வட்டிக்காரரின் கடன், தோட்டத்துக் கடையின் கொப்பிக் கணக்கு எதுவும் அதில் வராது. “கடன் ஏதும் இருக்கா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். “மாதத்தில் எந்தெந்தத் திகதியில் யார் யாருக்குக் காசு கொடுப்பீர்கள்?” என்று கணவன் மனைவி இருவரிடமும் கேட்டால் உண்மை வரும். தாய் இன்னும் கொழுந்து எடுக்கிறார் என்றால், அவரது நாட்சம்பளம் வீட்டுக்கு ஒரு தாங்கல்தான். ஆனால் அதைத் தவணை கட்டும் வருமானமாக எழுதக் கூடாது. வீட்டுச் செலவு 70,000 போதுமா என்பதைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தலாம். திறனுக்கு 30க்கு 9.

அனுபவம்: சமையலறையும் கல்லாவும்

எட்டு ஆண்டுச் சமையல் அனுபவத்துக்கு முழுப் புள்ளி கொடுக்கத் தோன்றும். சமைப்பது ஒன்று, கடை நடத்துவது இன்னொன்று. கல்லாவில் உட்கார்ந்தவர் யார், சரக்கு வாங்கியவர் யார், ஆள் வராத வாரத்தில் வேலையாளுக்கு என்ன சொன்னவர் யார் என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு நீண்ட நேர்காணல் தேவையில்லை. ஒரு கோழிக் கொத்துக்குச் சாமான் செலவு எவ்வளவு என்று கேட்க வேண்டும். நல்ல விண்ணப்பதாரர் யோசிக்காமல் ரொட்டி, கோழி, முட்டை, மரக்கறி, எண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே கூட்டுவார். எரிவாயுவை மறந்துவிட்டு, நினைவு வந்து அதையும் சேர்ப்பார். சமையல் மட்டும் தெரிந்தவர் விற்கும் விலையைச் சொல்வார். மே மாதத்தில் நீங்கள் வேலை செய்த கடை என்ன செய்தது என்று அடுத்துக் கேட்கலாம். ஒரு வேலையாளை ஊருக்கு அனுப்பினார்கள், இரவு நேரத்தை மூடினார்கள், பயணிகள் உணவைக் குறைத்து ஆட்டோக்காரருக்கும் வழிகாட்டிகளுக்கும் சோற்றுப் பார்சல் போட்டார்கள் என்று அவர் சொன்னால், தாழ்ந்த மாதத்தைத் தாங்கும் வழி அவருக்குத் தெரியும் என்று பொருள்.

தோட்டப் பிள்ளைகளுக்கு இந்தத் தலைப்பில் ஒரு அநீதி நடக்கலாம். சிறு விடுதிகளில் நியமனக் கடிதம் இல்லாமலும் சேமலாப நிதி கட்டாமலும் வேலை செய்தவருக்கு அனுபவத்தைக் காட்டத் தாள் கிடையாது. வியாபாரப் பதிவு எத்தனை ஆண்டு என்பதற்குப் புள்ளி கொடுக்கும் தாள், உண்மையில் அப்பா கடை வைத்திருந்தாரா என்பதற்குத்தான் புள்ளி கொடுக்கிறது. பழைய முதலாளியிடமும் கோழிக்காரரிடமும் ஒரு தொலைபேசி அழைப்பு, சீட்டுப் பிடித்தவரிடம் ஒரு கேள்வி போதும். சீட்டை எடுத்தபின்னும் தவறாமல் கட்டியவர் என்பது, கிரிப்பில் பெயரே இல்லாத ஒருவருக்குக் கடன் ஒழுக்கத்தின் நேரடிச் சான்று. நமது விண்ணப்பதாரர் கொத்துக் கணக்கைச் சரியாகச் சொன்னார், சீட்டை ஒழுங்காகக் கட்டியவர் என்று கொள்வோம். 20க்கு 17.

கூட்டும் முறை

திட்டத்தின் எண்களை நம்பிப் புள்ளியிட்டிருந்தால் பணப் பாய்ச்சல் 26, சந்தை 8, திறன் 24, அனுபவம் 17, மொத்தம் 75, கடன் கிடைத்திருக்கும். சந்தைத் திருத்தத்தை மற்ற இரண்டுக்கும் கொண்டுபோனபின் 12, 8, 9, 17, மொத்தம் 46. ஆளும் கடையும் மாறவில்லை.

இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. ஒன்று, சந்தையை முதலில் முடித்து, திருந்திய எண்ணால் மட்டுமே மற்றவற்றைக் கணக்கிட வேண்டும். இரண்டு, திருப்பிச் செலுத்தும் திறனில் பாதிக்குக் குறைந்தால் மொத்தம் எவ்வளவு வந்தாலும் திட்டத்தைத் திருத்தத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுபவத்தின் 17 புள்ளியால் திறனின் குறையை ஈடுகட்ட முடியாது. நல்ல சமையல்காரர் என்பதற்காக ஒக்டோபரில் பயணிகள் கூடிவிடுவதில்லை.

திருப்பி அனுப்பியபின் என்ன மாறலாம்? தாழ்ந்த நான்கு மாதத்தில் ஒரு வேலையாளோடு நடத்தினால் 2.2 இலட்சம் மிஞ்சும். அந்த மாதங்களில் வாடகையை 80,000 ஆக்கக் கடை உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் 1.6 இலட்சம். சாமானைப் பாவித்ததாக வாங்கினால் 2 இலட்சம், மேசை கதிரையில் ஒரு இலட்சம், சீட்டுக் காசிலிருந்து 2 இலட்சம் என்று கடன் 10 இலட்சமாக இறங்கும். தவணை ஏறத்தாழ 34,700, ஆண்டுக்கு 4.16 இலட்சம். ஆண்டு மிச்சம் 11 இலட்சம். இப்போது நாளுக்கு மூன்று பேர் குறைந்தாலும் கடன் தவறாது. விற்பனை ஏறத்தாழ 14 வீதம் வரை குறையலாம்.

தாழ்ந்த மாதத்தில் 80,000 குறைந்த இடத்தில் இப்போது 15,000 மிஞ்சுகிறது. 10 இலட்சத்துக்கு முதல் மாத வட்டி 12,500. ஆகவே அந்த நான்கு மாதமும் வட்டியை மட்டும் வாங்கி, முதலை மற்ற எட்டு மாதத்தில் கூட்டி வாங்கினால் தவணை கடையின் மூச்சோடு ஒத்துப்போகும். திருந்திய திட்டத்துக்குச் சந்தை 14, பணப் பாய்ச்சல் 21, திறன் 20, அனுபவம் 17 என்று 72 கொடுக்கலாம். முதலில் வந்த 75ஐவிடக் குறைவுதான். ஆனால் இந்த 72இன் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் எண்ணிய தலையோ, எழுதிய ஒப்பந்தமோ உண்டு.

தாளின் எல்லை

1941 இல் அமெரிக்காவில் டேவிட் டுரான்ட் தவணைக் கடன்களை ஆராய்ந்து, நல்ல கடனையும் கெட்ட கடனையும் பிரிக்கும் பண்புகளுக்குப் புள்ளி கொடுத்துப் பார்த்தார். அவரிடம் ஆயிரக்கணக்கான பழைய கடன்களின் முடிவு இருந்தது. எல்லவின் ஒரு கிளையிடம் அது இராது. 30, 20, 30, 20 என்ற எடைகள் தரவிலிருந்து வந்தவை அல்ல; மனிதர் தீர்மானித்தவை. அதை மறைக்காமல், இருக்கும் கொஞ்சக் கோப்புகளில் சோதித்துப் பார்க்கலாம். தீர்ந்த கடன் முப்பது, நொடித்த கடன் முப்பது எடுத்து, முடிவு தெரியாத ஒரு உத்தியோகத்தரிடம் புள்ளியிடக் கொடுக்க வேண்டும். இரண்டு குவியலுக்கும் ஒரே மாதிரிப் புள்ளி வந்தால் தாள் எதையும் பிரிக்கவில்லை. அதே கோப்பை இருவர் தனித்தனியாகப் புள்ளியிட்டு 10க்கு மேல் வேறுபட்டால், எது எத்தனை புள்ளி என்ற விளக்கம் தெளிவில்லை. இந்தச் சோதனையிலும் ஒரு ஓட்டை உண்டு: கடன் மறுக்கப்பட்டவர்களின் கோப்பு அதில் இல்லை. அவர்களில் எத்தனை பேர் கட்டியிருப்பார்கள் என்று எந்தத் தாளாலும் சொல்ல முடியாது.

அதனால்தான் மறுப்புக் கடிதத்தில் மொத்தப் புள்ளியை மட்டும் எழுதுவது வீண். 46 என்று கேட்டவர் அடுத்த கிளைக்குப் போய் அதே திட்டத்தை நீட்டுவார். நாளுக்கு ஒருவர் குறைந்தால் உங்கள் கடை தவணை தவறும், மே மாதத்தில் திறந்தால் நவம்பருக்குள் 3.24 இலட்சம் பள்ளம் விழும் என்று கேட்டவர் வாடகையைப் பேசித் தீர்க்கக் கடை உரிமையாளரிடம் போவார்.